இரண்டு ஆஃபர் கையில் இருந்தால்: சம்பளத்தைத் தாண்டி ஒப்பிடுவது எப்படி?

போன மாதம் எனக்குச் சென்னையில் இரண்டு ஆஃபர். சிறுசேரியில் ஆண்டுக்கு 12 லட்சம், கிண்டியில் 10.8 லட்சம். வீடு குரோம்பேட்டை. எக்செல் எல்லாம் வேண்டாம், ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள், போதும்.

1. கைக்கு வருவதை மட்டும் எழுதுங்கள்

சிறுசேரியின் 12 லட்சத்தில் மாதாமாதம் வராத வேரியபிள் 1,20,000. பேசிக் 6 லட்சம் என்பதால் கம்பெனி பங்கு பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி 28,860. இன்சூரன்ஸ் 10,000 வேறு. என் பங்கு பிஎஃப்பையும் கழித்தால், வரிக்கு முன் மாதம் சுமார் 74,760. கிண்டியில் வேரியபிள் இல்லை, இன்சூரன்ஸும் கணக்கில் சேராது. பேசிக்கை அங்கும் பாதியாக வைத்து அதே முறையில் கழித்தால் சுமார் 77,030! பிஎஃப் எப்படியும் நம் பணம்தான். கிராஜுவிட்டி அப்படியில்லை, நிரந்தர வேலையில் பொதுவாக 5 ஆண்டு இருந்தால்தான் கிடைக்கும்.

2. நோட்டீஸ் பீரியட்

நான் ஒருமுறை மாட்டிக்கொண்டது இங்கேதான். 90 நாள் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், பணம் கட்டி முன்பே கிளம்பிவிடலாம் என்ற நினைப்பு. பிறகு கிடைத்த வேலையில் 45 நாளில் சேரச் சொன்னார்கள். பணம் கட்டுகிறேன் என்றால், "அது எங்கள் விருப்பம்" என்று ஆஃபர் லெட்டரின் ஒரு வரியைக் காட்டினார்கள். அந்த வேலை போனது.

அதனால் நாள் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். பணம் கட்டி விலகுவது நம் உரிமையா, மேனேஜர் முடிவா? தொகை பேசிக்கிலா, மொத்தச் சம்பளத்திலா? 50,000 பேசிக்கில் 45 நாளுக்கு 75,000 ஆகும். மொத்தச் சம்பளம் என்றால் இன்னும் ஏறும். ஹெச்ஆர் போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பார். மெயிலில் கேளுங்கள். எனக்குக் கிண்டி மெயிலில் பதில் சொன்னது, சிறுசேரி போனில் மட்டும்.

3. பயணம்

மேப்பை நம்பாமல், வேலைநாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கிண்டிக்கு மின்சார ரயில், வீட்டிலிருந்து சீட் வரை 40 நிமிடம். சிறுசேரிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். போக வர தினமும் 100 நிமிட வித்தியாசம், 22 நாளுக்கு 36 மணி நேரத்துக்கு மேல்.

4. வளர்ச்சியும் நிலைப்பும்

டீம் லீடிடம் இரண்டே கேள்வி: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? டீமின் வேலை எத்தனை கிளையன்ட்டுக்கு? சிறுசேரியில் ஒரே கிளையன்ட். அவர்கள் கைவிட்டால் டீம் மொத்தமும் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்தான். ஆனால் வேலை அங்கேதான் புதுசு, கிண்டியில் பாதி பழைய புரோகிராம்களைப் பராமரிப்பது. அந்த ஒரு விஷயத்தில் இன்னும் மனசு உறுத்துகிறது.

பின்சேர்க்கை: பெற்றோர் இன்சூரன்ஸ் பற்றி ஒருவர் கமென்டில் கேட்டிருந்தார். "பெற்றோருக்கும் உண்டு" என்றதோடு விடாமல், பிரீமியம் யார் கட்டுவது, பில்லில் நம் பங்கு எத்தனை சதவீதம், அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். கிண்டியில் பெற்றோர் பில்லில் 20 சதவீதம் நம் தலையில் என்பதை, அவர் கேட்ட பிறகுதான் நானே கவனித்தேன்.