கோடிங் பழகுபவருக்கு எந்த மானிட்டர், எந்தக் கீபோர்டு?

கோடிங் பழகத் தொடங்குபவர்கள் பலர் அளவை மட்டும் பார்த்து 27 அங்குல மானிட்டரை எடுத்துவிடுகிறார்கள். அதன் ரெசல்யூஷன் 1920×1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். அதே ரெசல்யூஷன் 24 அங்குலத்தில் 92 பிக்சல் தரும், தாராளமாகப் போதும். 27தான் வேண்டும் என்றால் 2560×1440 பாருங்கள், 109 கிடைக்கும். விலை கூடத்தான் செய்யும்.

திரையின் பேனல் வகை ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் டார்க் தீமில் கோடு வரிகளை வேகமாக ஸ்க்ரோல் செய்தால், விலை குறைந்த விஏ மாடல்கள் பலவற்றில் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். கடையிலேயே நீளமான ஒரு பக்கத்தைக் கறுப்புப் பின்னணியில் ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்டாண்டை ஏற்றி இறக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அப்புறம் கீபோர்டு. நம்பர் பேட் இல்லாத டிகேஎல் வகையில் மவுஸ் கைக்கு அருகில் வரும், தோளை அகட்ட வேண்டாம். அதைவிடச் சிறிய 60 சதவீத வகையில் அம்புக்குறி, Home, End எதுவும் தனியாக இருக்காது. வரிக்கு வரி Fn அழுத்த வேண்டும். ராத்திரியில் தட்டுபவர் என்றால் மெக்கானிக்கல் கீபோர்டில் க்ளிக் சத்தம் போடும் ப்ளூ சுவிட்ச் வேண்டாம், பக்கத்து அறை வரை கேட்கும்.