மறுமொழிபெயர்ப்பு ஒத்துப்போனது, கேள்வி ஒத்துப்போகவில்லை: ஆய்வு வினாப்பட்டியலைத் தமிழாக்கிச் சோதிப்பது எப்படி

ஆங்கில வினாப்பட்டியலைத் தமிழாக்க வேண்டும் என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் தமிழாக்குவார், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்திருந்தால் வேலை முடிந்தது என்று களத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மறுமொழிபெயர்ப்பு என்கிற இந்த முறை, உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. முறையில் தப்பில்லை, ஆனால் அது ஒரு வகைத் தவறை மட்டும்தான் பிடிக்கும். மற்றவை எப்படி நழுவுகின்றன, எதை வைத்துப் பிடிப்பது என்பதை ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிடலாம். நாமே எழுதிய வினாப்பட்டியலின் 7-வது கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
q7_en: In the past year, how often did you feel stressed because of your work?
       Never / Rarely / Sometimes / Often / Always
```

(வேறு யாரோ உருவாக்கிய அளவுகோல் என்றால் முதலில் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை குறையும், சோதனையை மட்டும் செய்துதான் ஆக வேண்டும்.)

படி 1: மொழிபெயர்க்கும் முன் பொருளை எழுதுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும்: இந்தக் கேள்வி எதை அளக்கிறது? 7-வது கேள்விக்கு இப்படி எழுதலாம். காலம்: பேட்டி நடக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 12 மாதம். வேலை: சம்பளத்துக்குச் செய்வது, வீட்டில் செய்வது இரண்டும். ஸ்ட்ரெஸ்: தாங்கும் அளவை மீறி வேலை நெருக்குகிறது என்ற உணர்வு, நோய் அல்ல.

இதை எழுத உட்கார்ந்தாலே மூலக் கேள்வியை எழுதியவருக்கே சில இடங்களில் தெளிவில்லை என்பது தெரிந்துவிடும். அதுவும் நல்லதுதான்.

படி 2: இரண்டு பேர், தனித்தனியாக

2000-ல் பீட்டனும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் துறையை அறிந்தவர், மற்றவர் அறியாதவர் என இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்று இருக்கிறது. காரணம் எளிது. துறை தெரிந்தவர் கலைச்சொல்லைப் போடுவார், தெரியாதவர் ஜனங்கள் பேசும் சொல்லைப் போடுவார், இரண்டும் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அப்புறம் மூன்றாவதாக ஒருவரையும் வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பேசி ஒரே வடிவத்துக்கு வாருங்கள். வாதம் எதில் வந்தது என்பதையும் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒன்றை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும்: தாளை மக்கள் தாங்களே படித்து நிரப்பப் போகிறார்களா, பேட்டியாளர் வாசிக்கப் போகிறாரா? தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வளவு தள்ளி நிற்பதால் இது சின்ன விஷயம் இல்லை. எழுத்து நடையில் உள்ள கேள்வியை யாரும் அப்படியே வாசிக்க மாட்டார்கள். பேட்டியாளர் அந்த இடத்திலேயே பேச்சுத் தமிழுக்கு மாற்றுவார், பத்துப் பேட்டியாளர் இருந்தால் பத்து வினாப்பட்டியல் ஆகிவிடும். வாசிப்பதற்கு என்றால், வாயில் வருகிற மாதிரியே எழுதிக் கொடுங்கள். நம் 7-வது கேள்வி மக்களே படித்து நிரப்புவது, ஆகவே எளிய எழுத்து நடை போதும்.

இந்தக் கட்டத்தில் கேள்வி இப்படி வந்து நிற்கிறது:

"கடந்த ஆண்டில், உங்கள் வேலையின் காரணமாக எவ்வளவு அடிக்கடி மன அழுத்தத்தை உணர்ந்தீர்கள்?"

படி 3: திரும்ப ஆங்கிலத்துக்கு

மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்தால் வருவது:

```
q7_back: In the last year, how often did you feel stress because of your work?
```

கிட்டத்தட்ட அச்சு அசலாக அதே கேள்வி! இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இது இவ்வளவு அழகாகத் திரும்பி வருவதற்குக் காரணமே, தமிழ் வாக்கியம் ஆங்கில எலும்புக்கூட்டின் மேல் போர்த்திய தோலாக இருப்பதுதான். திரும்ப மொழிபெயர்ப்பவருக்கு ஆங்கிலம் தெரியும், "எவ்வளவு அடிக்கடி" என்றதுமே பின்னால் என்ன இருந்தது என்று ஊகித்துவிடுவார். ஊகிக்க முடியாதவர் பதில் சொல்லப் போகிறவர்தான்.

ஒரு சொல் விடுபட்டது, ஓர் எதிர்மறை தலைகீழானது, எண் மாறியது போன்றவற்றை இந்தப் படி நன்றாகப் பிடிக்கும். அதற்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உட்கார்ந்து கேளுங்கள்

முக்கியமான வேலை இதுதான், ஆள் அதிகம் தேவையில்லை. ஆய்வில் கலந்துகொள்ளப் போகிறவர்களைப் போன்ற 8 பேர், தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. வயது, படிப்பு, ஆண் பெண் எல்லாம் கலந்திருக்கட்டும். ஒவ்வொருவரும் கேள்விக்குப் பதில் எழுதியதும், அந்தப் பதிலுக்கு எப்படி வந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "இதே கேள்வியை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதென்றால் எப்படிக் கேட்பீர்கள்?" "எந்த மாதத்திலிருந்து கணக்குப் போட்டீர்கள்?" "வேலை என்றதும் எந்த வேலை ஞாபகம் வந்தது?"

நம் கேள்விக்கு வரக்கூடிய பதில்களைப் பாருங்கள். "கடந்த ஆண்டு" என்றதும் சிலர் போன ஜனவரி முதல் டிசம்பர் வரை நினைப்பார்கள், ஜூலையில் பேட்டி எடுத்தால் நேற்றுவரை நடந்த அரை ஆண்டு காணாமல் போய்விடும். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண் "நான் வேலைக்குப் போகவில்லையே" என்று முதல் கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். "மன அழுத்தம்" என்பதை ஒருவர் டென்ஷன் என்பார், இன்னொருவர் "அது மாத்திரை சாப்பிடும் அளவுக்கு வருவது, எனக்கு அப்படி இல்லை" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, பத்திரிகைகளில் அந்தச் சொல் இரண்டு பொருளிலும் வருகிறது. "எவ்வளவு அடிக்கடி" என்பதோ, அடிக்கடி வந்தது உறுதி, எவ்வளவு என்று மட்டும் சொல் என்பதுபோல் ஒலிக்கிறது. மறுமொழிபெயர்ப்பில் ஒரு சிராய்ப்புகூடக் காட்டாத வாக்கியத்தில் நான்கு ஓட்டை.

விடைகளுக்குத் தனிச் சோதனை வேண்டும். ஐந்து விடைகளையும் ஐந்து துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, குறைவிலிருந்து அதிகம் வரை அடுக்கச் சொல்லுங்கள். "அரிதாக", "எப்போதாவது", "சில நேரங்களில்" மூன்றில் எந்த இரண்டைப் போட்டாலும் யாராவது மாற்றி அடுக்குவார்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் மாற்றினாலே அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்பேன் நான்.

எதிர்மறைக் கேள்விகள் இருந்தால் இன்னும் கவனம். "உங்களுக்குப் போதிய தூக்கம் கிடைப்பதில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமாம்" என்றால் பொதுவாகக் கிடைப்பதில்லை என்று பொருள், அதே இடத்தில் ஆங்கிலத்தில் "நோ" வரும். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் இருந்தால் தரவு சத்தமில்லாமல் தலைகீழாகிவிடும், பிறகு எந்தக் கணக்குப் போட்டும் மீட்க முடியாது. கேள்வியை நேர்மறையாக்குவதுதான் வழி.

படி 5: திருத்தி, இன்னொரு சுற்று

திருத்தம் ஒரே தடவையில் அமையாது. "மன அழுத்தம்" போய் "டென்ஷன்" வந்தால், இரண்டாம் சுற்றில் ஒருவர் "ஆமாம், பசங்க மேல் எரிந்து விழுவேன்" என்பார். டென்ஷன் ஆகாதே என்றால் கோபப்படாதே என்றுதானே அர்த்தம். "மன உளைச்சல்" என்றால் யாரோ புண்படுத்தியதாகப் போகிறது. பொருத்தமான ஒற்றைச் சொல் இல்லாத இடத்தில் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, படி 1-ல் எழுதிய குறிப்பை வாக்கியமாக்கிப் பாருங்கள்:

"இன்றிலிருந்து பின்னோக்கி 12 மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பள வேலை, வீட்டு வேலை இரண்டையும் சேர்த்து, தாங்க முடியாத அளவுக்கு வேலை உங்களை நெருக்கியது உண்டா?
ஒருமுறைகூட இல்லை / எப்போதோ ஒருமுறை / சில முறை / பல முறை / எப்போதும்"

இதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலத்தைப் போலவே இருக்காது. மேற்பார்வையாளர் கேட்டால், பேட்டிக் குறிப்புகளைக் காட்டுங்கள். புதிதாக 5, 6 பேரிடம் கேட்டு, அதே கேள்விகளால் துருவிப் பார்த்து, புதுச் சிக்கல் வரவில்லை என்றால் அடுத்த படி.

படி 6: இரண்டு மொழியும் தெரிந்தவர்களிடம்

இரு மொழியும் நன்றாகப் படிப்பவர்கள் 40 பேர். பாதிப் பேர் முதலில் ஆங்கிலம், மீதிப் பேர் முதலில் தமிழ். 12 மாதத்தைப் பற்றிய கேள்வி என்பதால் இரண்டுக்கும் நடுவே 10 நாள் விடலாம். "கடந்த 7 நாட்களில்" என்று கேட்கும் கேள்விக்கு இப்படி 10 நாள் விட்டால் இரண்டு வெவ்வேறு வாரங்களைத்தான் ஒப்பிடுவீர்கள், அதற்கு ஒரு நாள் இடைவெளி போதும்.

ஆங்கில விடை ஒரு பக்கம், தமிழ் விடை ஒரு பக்கம் என்று பதில்களை ஐந்துக்கு ஐந்து கட்டமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு பதில்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் காப்பா எண் ஒன்றைக் கணக்கிட்டு எழுதிவிடுவது வழக்கம், ஆனால் விலகல் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. எடுத்துக்காட்டாக, 24 பேர் இரண்டிலும் ஒரே விடை, 16 பேர் மாறியிருக்கிறார்கள் என்போம். 8 பேர் தமிழில் கூடுதலாக, 8 பேர் குறைவாக என்றால் அது வெறும் தடுமாற்றம். 13 பேர் தமிழில் கூடுதலாகச் சொல்லியிருந்தால்? R மென்பொருளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்:

```r
binom.test(13, 16)   # p-value = 0.021
```

இவ்வளவு ஒருபக்கச் சாய்வு தற்செயலாக வருவது அரிது. உடனே தமிழைத் திருத்தாதீர்கள், அந்த 13 பேரில் சிலரைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நம் கேள்வியில் என்ன சொல்வார்கள் என்று ஊகிக்கலாம்: "இங்கிலீஷில் ஆபீஸ் வேலையை மட்டும் நினைத்தேன், தமிழில் வீட்டு வேலையும் இருந்ததே." அப்படியானால் மாற வேண்டியது ஆங்கிலம்தான். நம் வினாப்பட்டியல் என்பதால் அங்கேயும் சேர்த்துவிடலாம்:

```
q7_en: Think of the 12 months up to today. Counting both paid work and work
       at home, how often did you feel stressed because of your work?
```

அடுத்தவருடைய அளவுகோல் என்றால் ஆங்கிலத்தைத் தொட முடியாது. எது வேலை என்று உரிமையாளரிடம் எழுதிக் கேட்டு, அவர் சொல்லும் பொருளுக்குத் தமிழைக் கொண்டுவர வேண்டும், சம்பள வேலை மட்டும்தான் என்றால் "வீட்டு வேலை"யை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி படி 4-க்குக் கொண்டுபோக வேண்டும்.