GSTR-2B-இல் வராமல் போன 18,000 ரூபாய்

எங்கள் எலக்ட்ரிக்கல் கடையில் அந்த மாத விற்பனை 1,50,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி 27,000. ஒயர், சுவிட்ச் வாங்கிய 1,00,000 ரூபாய்க்கு மொத்த வியாபாரியிடம் ஏற்கெனவே 18,000 வரி கொடுத்திருந்தேன். அதைக் கழித்தால் 9,000 கட்டினால் போதும்.

ஆனால் 14-ஆம் தேதி வந்த GSTR-2B-இல், அதாவது எங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலில், அந்தப் பில்லே இல்லை. பில் கையில் இருந்தும் பயனில்லை. 2B-இல் வராத வரியைக் கழிக்க முடியாது. மொத்த வியாபாரியிடம் விசாரித்தால், எங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, அந்த மாதம் முழு 27,000-உம் கட்டினேன். விற்பனையைக் காட்டும் கணக்கான GSTR-1-இல், அடுத்த மாதம் அவர்கள் சில்லறைக் கணக்கைக் குறைத்து, எங்கள் எண்ணோடு பில்லை ஏற்றினார்கள். அப்புறம் 2B-இல் வந்த 18,000-ஐ அம்மாத வரியில் கழித்துக்கொண்டேன். இப்போது 11-ஆம் தேதிக்கு முன்பே போன் போட்டுவிடுகிறேன். அதுதான் மாதாமாதம் கணக்கு காட்டுபவர்கள் GSTR-1 ஏற்றக் கடைசி நாள்.