மேசையில் ஓடும், கொட்டகையில் நின்றுவிடும்: ஐ2சி, எஸ்பிஐ இணைப்பில் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் தன் இறுதியாண்டுத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று உணரிகள், கட்டுப்படுத்தியாக ஒரு ஈஎஸ்பி32 பலகை, நடுவே நீண்ட கேபிள். "வீட்டில் நன்றாக ஓடியது சார்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பழைய காளான் கொட்டகை ஒன்று நினைவுக்கு வந்து, வயிறு எரிந்தது. கம்பியை மாற்றிச் செருகுவது, தரைக்கம்பியை மறப்பது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. அவை பத்து நிமிடத்தில் தாமாகவே தெரிந்துவிடும். பல நாள் ஓடிக் கழுத்தறுப்பவை வேறு.

## கம்பியை மட்டும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

உணரிகளும் கட்டுப்படுத்தியும் பேசிக்கொள்ளும் இரண்டு வழிகள்தான் ஐ2சியும் எஸ்பிஐயும். ஐ2சியில் எத்தனை உணரிகள் இருந்தாலும் இரண்டே கம்பிகள்: தரவுக்கு எஸ்டிஏ, கிளாக் துடிப்புக்கு எஸ்சிஎல். எஸ்பிஐயில் மூன்று பொதுக் கம்பிகள், அதற்கு மேல் ஒவ்வொரு உணரிக்கும் தனியாக ஒரு தேர்வுக் கம்பி. இதைப் படித்தவுடன் எல்லோரும் ஐ2சி பக்கம் சாய்கிறார்கள். ஐ2சியில் எந்தச் சிப்பும் கம்பியை மேலே தள்ளுவதில்லை, கீழே இழுக்க மட்டுமே செய்யும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலே கொண்டுபோவது புல்-அப் என்ற ஒரு மின்தடையின் வேலை. எஸ்பிஐயில் சிப்பே இரண்டு பக்கமும் தள்ளும். அதனால்தான் பல மெகாஹெர்ட்ஸ் வேகம் கிடைக்கிறது. நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை படிக்க ஐ2சி போதும். அதிர்வு உணரியிலிருந்து ஆயிரக்கணக்கான மாதிரிகள் வேண்டுமென்றால் எஸ்பிஐக்குப் போங்கள். இரண்டுமே ஒரே பலகைக்குள், பக்கத்துப் பக்கத்துச் சிப்புகள் பேசிக்கொள்ள உருவானவை. கேபிள் நீளும்போது வரும் தொல்லைகளுக்கு அவை பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு.

## புல்-அப் மின்தடையை மறப்பது

என் பணத்தைத் தின்ற தவறு இது.

கொட்டகைக்கு இரண்டு எஸ்எச்டி31 ஈரப்பத உணரிகளும் ஒரு ஒளி உணரியும் தேவைப்பட்டன. மேசையில் கடையில் வாங்கிய மாட்யூல்களை வைத்துச் சோதித்தேன். சிக்கலே இல்லை. பிறகு செலவைக் குறைக்க, வெறும் சிப்புகளை வைத்து நானே பலகை வடிவமைத்து முப்பது பலகைகள் செய்தேன். கடை மாட்யூல் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகள் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. என் பலகையில் அவை இல்லை.

ஆனாலும் மேசையில் அது ஓடியதுதான் கொடுமை. நிரல் நூலகம் ஈஎஸ்பி32 சிப்புக்குள் இருக்கும் புல்-அப்பை இயக்கிவிட்டிருந்தது. அது ஏறத்தாழ 45 கிலோ ஓம். கம்பி மேலேறும் நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
tr = 0.8473 × R × C
```

R என்பது புல்-அப் மின்தடை, C என்பது கம்பியும் சிப்புகளும் சேர்ந்த மின்தேக்கம். மேசையில் அது 50 பிகோஃபேரட் என்று வையுங்கள். ஏறும் நேரம் 1.9 மைக்ரோ நொடி. 100 கிலோஹெர்ட்ஸுக்கு விதி அனுமதிப்பது 1 மைக்ரோ நொடிதான். ஏற்கெனவே இரண்டு மடங்கு மீறியாயிற்று. சிப்புகள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டன. கொட்டகையில் மூன்று மீட்டர் கேபிள். மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபேரட் என்றால் கேபிள் மட்டும் 150, சிப்புகளோடு சேர்த்து 200. இப்போது ஏறும் நேரம் 7.6 மைக்ரோ நொடி. அந்த வேகத்தில் ஒரு பாதித் துடிப்பே 5 மைக்ரோ நொடிதான்.

முழுதாகச் செத்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். அரைகுறையாக ஓடியது. காலையில் சரியாக இருக்கும். காற்று வெளியேற்றும் விசிறி ஓடத் தொடங்கியதும் அளவுகள் உறைந்துபோகும். 45 கிலோ ஓம் என்பது மிகத் தளர்வான பிடி, மோட்டாரின் இரைச்சல் அதை எளிதில் அசைத்துவிடும். பொய்யான ஒரு துடிப்பு வந்தால் உணரியும் கட்டுப்படுத்தியும் எண்ணிக்கையில் பிசகும். உணரி பாதி பைட்டில் எஸ்டிஏ கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த துடிப்புக்காகக் காத்து நிற்கும். கட்டுப்படுத்தியை மறுதொடக்கம் செய்தாலும் பயனில்லை, ஏனெனில் உணரிக்கு மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. எஸ்சிஎல் கம்பியில் ஒன்பது துடிப்புகள் கொடுத்தால் அது விட்டுவிடும். நான் அது தெரியாமல் மென்பொருளில் மூன்று வாரம் தேடினேன்.

அந்தக் கேபிளில் இன்னொரு மடத்தனமும் செய்திருந்தேன்: எஸ்டிஏயையும் எஸ்சிஎல்லையும் ஒரே முறுக்கு இணையில் விட்டிருந்தேன். ஒன்றின் அசைவு மற்றதில் தொற்றும். ஒவ்வொன்றையும் ஒரு தரைக்கம்பியோடு முறுக்க வேண்டும்.

கடைசியில் கட்டுப்படுத்திப் பக்கத்தில் ஒரு ஜோடி 2.2 கிலோ ஓம் மின்தடைகள் போட்டேன். ஏறும் நேரம் 373 நானோ நொடி. 100 கிலோஹெர்ட்ஸுக்குத் தாராளம். 400 கிலோஹெர்ட்ஸுக்கு எல்லை 300 என்பதால் அந்த வேகத்தை ஆசைப்படவில்லை. முப்பது பலகைகளிலும் கையால் பற்றவைத்தேன். பயணச் செலவு தனி.

## பயந்துபோய் எல்லா இடத்திலும் போடுவது

இதைக் கேட்டவர்கள் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். எட்டு மாட்யூல்களிலும் 4.7 கிலோ ஓம் இருந்தால், இணையாகச் சேர்ந்து 590 ஓமுக்கும் கீழே வரும். 3.3 வோல்ட்டில் கம்பியைக் கீழே இழுக்க ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் வேண்டும். சாதாரண ஐ2சி சிப் 3 மில்லி ஆம்பியருக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. அலைக்காட்டியில் பார்த்தால் கீழ்மட்டம் தரையைத் தொடாமல் மேலே மிதக்கும். அலைக்காட்டி இல்லையென்றாலும் கவலையில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஸ்டிஏவுக்கும் 3.3 வோல்ட் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவுங்கள். 1000க்குக் கீழே வந்தால் சில மாட்யூல்களின் மின்தடைகளைக் கழற்றுங்கள். பல பத்தாயிரம் காட்டினால், என் கொட்டகைக்கு வந்துவிட்டீர்கள்.

## கிளாக் முறையை ஒருமுறை மட்டும் அமைப்பது

எஸ்பிஐயில் இரண்டு கேள்விகள்: சும்மா இருக்கும்போது கிளாக் கீழே நிற்குமா மேலே நிற்குமா, துடிப்பின் முதல் விளிம்பில் படிப்பதா இரண்டாவதிலா. விடைகள் சேர்ந்து 0 முதல் 3 வரை நான்கு முறைகள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 முறை 0, 3 இரண்டையும் ஏற்கும். பிடி100 வெப்ப உணரியைப் படிக்கும் எம்ஏஎக்ஸ்31865 சிப்போ 1, 3 மட்டும். அந்த மாணவர் தொடக்கத்தில் முறை 0 என்று ஒருமுறை எழுதிவிட்டு இரண்டையும் படித்தார். ஒன்று சரியாகச் சொன்னது, மற்றது உளறியது. அவர் பிடி100ஐ மாற்றிவிட்டு வந்திருந்தார், பாவம்.

ஐ2சியில் உணரி பதில் சொல்லாவிட்டால் தெரிந்துவிடும். எஸ்பிஐ அப்படியல்ல; யாருமே இல்லாவிட்டாலும் 0x00 அல்லது 0xFF வரும். ஆகவே முதலில் அடையாள எண்ணைப் படியுங்கள். பிஎம்இ280இல் 0xD0 பதிவேடு 0x60 தர வேண்டும். 0x30 அல்லது 0xC0 வந்தால் ஒரு பிட் நகர்ந்திருக்கிறது, முறையைச் சந்தேகியுங்கள். 0x58 வந்தால் முறை சரி. கடைக்காரர் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280ஐக் கொடுத்திருக்கிறார். எம்ஏஎக்ஸ்31865இல் அடையாள எண் கிடையாது. அமைப்புப் பதிவேட்டில் ஒன்றை எழுதி, அதையே திரும்பப் படித்துப் பாருங்கள்.

மாணவருக்கு முறை 3 போட்டதும் இரண்டும் பேசின. பொதுவான முறை இல்லாவிட்டால், ஒவ்வொரு உணரியையும் படிக்கும் முன் முறையை மாற்றுங்கள். வரிசை முக்கியம்:

```
SPI.beginTransaction(SPISettings(1000000, MSBFIRST, SPI_MODE3));
digitalWrite(CS_PT100, LOW);
```

தேர்வுக் கம்பியை முதலில் இறக்கிவிட்டு முறையை மாற்றினால், கிளாக் நிலை மாறும் அந்த அசைவையே உணரி ஒரு துடிப்பாக எண்ணிவிடும்.

## தேர்வுக் கம்பிகள்

எந்த உணரியையும் தொடங்கும் முன் எல்லாவற்றையும் மேலே வையுங்கள். ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் இரண்டு சிப்புகள் ஒரே நேரத்தில் பேசும்.

## ஒரே முகவரி

ஐ2சியில் ஒவ்வொரு சிப்பையும் அதன் முகவரி எண்ணால்தான் அழைக்கிறோம். டிஎஸ்3231 கடிகாரமும் எம்பியு6050 அசைவு உணரியும் இரண்டுமே 0x68. எம்பியுவின் ஏடி0 முனையை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், 0x69க்கு நகர்ந்துகொள்ளும்.