செங்கல் சுவரும் பீமும் சேரும் இடத்தில் வலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, சில மாதம் கழித்துப் பீமுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு விரிசல் வரும். "மெஷ் போட்டோமே, பிறகு ஏன் வந்தது?" என்பதுதான் உடனே வரும் கேள்வி. பெரும்பாலும் வலை போடத்தான் செய்திருப்பார்கள். அது எப்படிப் போடப்பட்டது என்பதில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் அந்தக் கோட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கான்கிரீட்டும் செங்கல்லும் சூட்டுக்கு ஒரே அளவில் நீள்வதில்லை. 3.6 மீட்டர் நீளமுள்ள ஒரு பீம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள செங்கல் சுவர் 0.4 மி.மீ. அளவுதான் நீளும். இதோடு கான்கிரீட் காய்ந்து சுருங்குவதும், சுவரின் கலவை காய்ந்து இறங்குவதும், பாரம் ஏறப் பீம் நடுவில் சற்றே தொய்வதும் சேர்ந்துகொள்ளும். இந்த அசைவு முழுவதும் ஒரே கோட்டில் விழுவதால்தான் கண்ணுக்குத் தெரிகிற விரிசல் வருகிறது. வலை அசைவை நிறுத்தாது. ஒரு கோட்டில் வர வேண்டியதை 300 மி.மீ. அகலத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். பிரிந்த ஒவ்வொன்றும் மயிரிழையாகி, பெயின்ட்டுக்குள் மறைந்துவிடும். அந்த வேலையைச் செய்ய, கம்பி கலவைக்குள் முழுசாகப் புதைந்திருக்க வேண்டும்.

வலையைச் சுவரோடு ஒட்ட வைத்து அடிப்பது

திரும்பத் திரும்பப் பார்க்க நேர்வதும், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இந்தத் தவறுதான். வலையை விரித்து, சுவரில் படியும்படி இறுக்கி, வரிசையாக ஆணி அடித்துவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், போட்டோவிலும் நன்றாக விழும். பிறகு அதன் மேல் 15 மி.மீ. பூச்சை ஒரே கையில் ஏற்றிவிடுவார்கள்.

கம்பி சுவரில் படிந்துவிட்டால் அதன் பின்பக்கம் கலவை போக வழியில்லை. முன்பக்கம் மட்டும் கலவை பிடித்திருக்கும். நாலு பக்கமும் கலவை சூழாத கம்பி இழுவையைத் தாங்காது. அசைவு வரும்போது வலை பாட்டுக்கு இருக்கும், பூச்சு பாட்டுக்கு விரியும்.

எங்கும் ஒரே மாதிரி படிந்திருந்தாலாவது போகட்டும். இரண்டு ஆணிக்கு நடுவே வலை எப்போதும் லேசாக உப்பியிருக்கும். கரண்டியால் கலவையை அழுத்தும்போது உள்ளே போகும், கரண்டியை எடுத்ததும் ஸ்பிரிங் போலத் திரும்பி வரும். வரும்போது ஈரக் கலவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வெளியே மட்டக்கட்டை ஓட்டி வழவழப்பாக முடித்திருப்பார்கள், உள்ளே பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே காற்று நிற்கும். அந்தப் பட்டை சுவரைப் பிடிக்கவே இல்லை, பக்கத்துப் பூச்சின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதன் அடையாளம் தெளிவானது. பீமின் அடியில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் இணையாக ஓடும். இரண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட வலையின் அகலம். நடுப்பட்டையைச் சுத்தியல் பிடியால் தட்டினால் பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். வலையே போடாமல் விட்டிருந்தால் ஒரு கோட்டைத் திறந்து அடைத்தால் போதும். இப்போதோ சுவர் நீளத்துக்கும் பட்டையாகப் பூச்சைப் பெயர்த்து, வலையைப் பிடுங்கி, மறுபடி பூசி, முழுச் சுவருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

சரியான முறை இது. முந்தின நாளே பீம், தூண் முகத்தைக் கொத்திவிட்டு, தூசியைக் கழுவி, 1 பங்கு சிமென்ட்டுக்கு 2 பங்கு பரு மணல் கலந்த நீர்த்த கலவையைக் கரண்டியால் வீசி அடிக்க வேண்டும். தடவக் கூடாது, வீச வேண்டும், சொரசொரப்புதான் இங்கே தேவை. அது கெட்டியாகும்வரை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு வலையைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ஆணியிலும் வலைக்குப் பின்னால் 4 முதல் 5 மி.மீ. கனத்தில் ஒரு சிறு அண்டை, முன்னால் ஒரு வாஷர். அண்டைக்குப் பிளாஸ்டிக் துண்டு போதும். ஆணிகள் 250 முதல் 300 மி.மீ. இடைவெளியில், மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி வர வேண்டும்.

கட்டி முடித்ததும் இரண்டு சோதனை. வலைக்குப் பின்னால் ஒரு ஆணியின் முனையை நுழைத்து நகர்த்திப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். அடுத்து, இரண்டு ஆணிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கித் துள்ளி எழுந்தால் அங்கே இன்னொரு ஆணியும் அண்டையும் தேவை.

அதன் பிறகும் நேராகப் பூச்சுக்குப் போகக் கூடாது. சுவரை நனைத்து, 1:4 கலவையைச் சற்றே இளக்கமாக வைத்து, வலைக் கண்ணுக்குள் புகும்படி பலமாக எறிந்து நிரப்ப வேண்டும். கம்பி கண்ணிலிருந்து மறையும் அளவுக்குப் போதும். இந்த அடுக்கு ஏறக்குறைய 8 மி.மீ. வரும். மட்டம் பார்க்காமல், மேற்பரப்பைக் கீறிவிட்டு அன்று அதோடு நிறுத்த வேண்டும். மறுநாள் தண்ணீர் தெளித்து, சுவரின் மற்ற பகுதியோடு சேர்த்து மேல்பூச்சு போடலாம். மொத்தக் கனம் 15 முதல் 18 மி.மீ. வரும், கம்பி அதன் நடுவில் நிற்கும். 'ஒரு நாள் வீணாகிறது' என்று கான்ட்ராக்டர் சொல்வது வழக்கம். அந்த ஒரு நாள்தான் இந்த வேலையே.

வலையின் பெரும்பகுதி செங்கல் மேல் விழுவது

வலை மூட்டின் இருபக்கமும் சமமாக விழ வேண்டும், ஒரு பக்கம் 150 மி.மீ. வந்தால் நல்லது. கான்கிரீட்டில் ஆணி வளையும், செங்கல்லில் சுலபமாக இறங்கும். அதனால் வேலை செய்பவர் கை தானாகவே கீழே நழுவும். கடைசியில் செங்கல் மேல் 250, பீம் மேல் 50 என்று நிற்கும். பீம் பக்கம் பிடிப்பு இல்லாவிட்டால் விரிசல் வலையின் மேல் விளிம்பில் வந்துவிடும்.

கான்கிரீட் ஆணியும் வளைகிறது என்றால் டிரில் போட்டு, பிளக் இறக்கி, ஸ்குரூவும் வாஷரும் கொடுக்க வேண்டும். கான்கிரீட் பக்கத்தை முதலில் கட்டிவிட்டு, வலையை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, அப்புறம் செங்கல் பக்கத்துக்கு வந்தால் இந்தத் தவறு நேராது.

பீமுக்கு அடியில் உள்ள சந்தை வலையால் மூடுவது

கடைசிச் செங்கல் வரிக்கும் பீமின் அடிக்கும் நடுவே 20, 25 மி.மீ. சந்து நிற்கும். வெளியே கொஞ்சம் கலவையைப் பூசி மூடியிருப்பார்கள், உள்ளே வெறுமை. அதன் மேல் வலை போட்டால், அங்கே பூச்சுக்கு முதுகே இல்லை என்று அர்த்தம்.

சுவர் கட்டிய அன்றே சந்தை அடைக்கவும் கூடாது. சுவரின் கலவை காய்ந்து இறங்க 7 நாளாவது வேண்டும், 14 நாள் விட முடிந்தால் இன்னும் நல்லது. பீமின் முட்டுகளும் அதற்கு முன்பே எடுபட்டிருக்க வேண்டும். அதன் பிறகு 1:3 கலவையை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு வறட்சியாகக் கலந்து, கட்டையால் இரண்டு பக்கமிருந்தும் இடித்து நிரப்ப வேண்டும். சந்து 40 மி.மீ.க்கு மேல் போனால் வெறும் கலவை சுருங்கும், செங்கல் துண்டுகளைச் சேர்த்து இறுக்க வேண்டும். தூண் ஓரத்தில் நிற்கும் செங்குத்துச் சந்தையும் மறக்கக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிகிற தூண் ஓரங்கள் உண்டு.

முன்பின்னான முகத்தில் வலை போடுவது

9 அங்குலப் பீமுக்குக் கீழே நாலரை அங்குலச் சுவர் வந்தால், ஒரு பக்கம் பீம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த உள்மூலையில் வலையை மடித்துத் திணிக்கிறார்கள். மடிப்பின் பின்னால் கலவை போகாது. அங்கே பூச்சு ஈரமாக இருக்கும்போதே மூலையில் 10 மி.மீ. காடி விட்டுவிட்டால், விரிசல் அந்தக் காடிக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும் பக்கத்துக்குத்தான் வலை.

சாதாரண இரும்பு வலை

துரு பிடித்து பெயின்ட்டில் பழுப்புக் கறை வரும். கால்வனைஸ் செய்தது மட்டும், 24 கேஜ், அரை அங்குலக் கண்.

கார எதிர்ப்பு இல்லாத ஃபைபர் வலை

சிமென்ட்டுக்குள் இற்றுப்போகும்.

துண்டு துண்டாக வெட்டி முட்ட வைப்பது

ஒன்றின் மேல் ஒன்று 100 மி.மீ. ஏற வேண்டும். முட்ட வைத்த இடத்தில் விரிசல் வரும்.

கணக்குப் போடாமல் வாங்குவது

வலை தீர்ந்துபோனால் கடைசி மூட்டுகளில் அகலத்தைக் குறைத்துச் சமாளிப்பார்கள், அதனால் கணக்கு முக்கியம். இரண்டு தூணுக்கு நடுவே 3.6 மீட்டர் நீளம், பீம் அடிவரை 2.7 மீட்டர் உயரம் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். மேலே 3.6, இரண்டு தூண் ஓரமும் சேர்ந்து 5.4, ஆக ஒரு முகத்துக்கு 9 மீட்டர். இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால் 18 மீட்டர். 900 மி.மீ. அகல ரோலை மூன்றாக வெட்டினால் 300 மி.மீ. பட்டைகள் கிடைக்கும், அதனால் ரோலில் 6 மீட்டர் செலவாகும். மேலேற்றத்துக்கும் மூலைக்கும் 10 சதவீதம் சேர்த்து 6.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா விரிசலுக்கும் வலை என்று நினைப்பது

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற விரிசல், அல்லது அடைத்த பிறகும் 2, 3 மி.மீ. அகலத்தில் மறுபடி திறக்கிற விரிசல், பூச்சின் கோளாறு அல்ல. அஸ்திவாரம் இறங்குகிறதா, பீம் அளவுக்கு மேல் தொய்கிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும். அதற்குள் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அவர் வரும்போது கோட்டைத் தாண்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பார்.