சாப்பிடு, உண், தின்: யாரிடம் எதைச் சொல்வது?

அகராதியைத் திறந்தால் சாப்பிடு, உண், தின் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதை நம்பி, வீட்டுக்கு வந்த பெரியவரிடம் "தின்னீங்களா?" என்று கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். மரியாதையாக "ங்க" சேர்த்துத்தானே கேட்டோம், பிறகு ஏன்? இதற்குப் பதில் தெரிய, தமிழர்கள் தினமும் கேட்கும் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "சாப்பிட்டீங்களா?"

படி 1: சந்தேகம் வந்தால் "சாப்பிடு"

பேச்சில் இந்த வினை எங்கும் பொருந்தும். சோறு, டிபன், பழம், மாத்திரை எல்லாவற்றையும் சாப்பிடலாம். காபியைக்கூட. "காபி குடிக்கிறீங்களா?" தவறில்லை, ஆனால் "காபி சாப்பிடுறீங்களா?" என்பதில் உபசரிப்பு கொஞ்சம் கூடுதல். "குடி" என்ற வினையில் ஒரு எச்சரிக்கை: எதை என்று சொல்லாமல் "அவர் குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டால், மதுவைப் பற்றிக் கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படி 2: ஆளைப் பார்த்து முடிவை மாற்றுங்கள்

வினை ஒன்றுதான், வால் மட்டும் மாறும். மதியம் மாமா குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமாவிடம் "சாப்பிட்டீங்களா மாமா?" அவருடைய மகன் உங்கள் வயது என்றால் "சாப்பிட்டியாடா?" உள்ளே இருக்கும் அத்தையைப் பற்றி மாமாவிடம் விசாரிக்கும்போது "அத்தை சாப்பிட்டாங்களா?" குழந்தையைப் பற்றி என்றால் "பாப்பா சாப்பிட்டாளா?"

அம்மா, பாட்டி விஷயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. பல வீடுகளில் அம்மாவை "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள், அங்கே "சாப்பிட்டியாம்மா?" என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அந்த வீட்டில் என்ன பழக்கமோ அதையே பின்பற்றுங்கள்.

நீயா, நீங்களா என்று முடிவு செய்ய முடியவில்லையா? "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். இந்த வடிவத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. புதிதாக அறிமுகமானவர், வயது தெரியாதவர் எல்லோருக்கும் இது சரியாக இருக்கும். புதிதாகப் பேசுகிறவர்கள் முதலில் பழக வேண்டிய வடிவம் இதுதான் என்பேன்.

படி 3: "தின்" வரும்போது பொருளைப் பாருங்கள்

முறுக்கு, கடலை, கரும்பு போலக் கடித்து மென்று தின்பவை என்றால் "தின்" இயல்பான சொல். தின்பண்டம், நொறுக்குத்தீனி என்ற பெயர்களே அதிலிருந்து வந்தவைதான். பேச்சில் திங்கிறான், தின்னான் என்பார்கள். எழுத்தில் தின்கிறான், தின்றான். நெருங்கியவர்களிடம் "முறுக்கு தின்னு" என்று தயங்காமல் சொல்லலாம்.

வேளைச் சாப்பாட்டுக்கு இதே வினையைப் போட்டால்தான் வம்பு. மாடு புல் தின்னும், கரையான் மரத்தைத் தின்னும். மனிதர் சோறு தின்பதாகச் சொல்லும்போது அந்த வாடை கூடவே வரும். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான்" என்பது வசவு. வசவு வினையிலேயே இருப்பதால், "ங்க" சேர்த்து அதைச் சரிசெய்ய முடியாது. தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் முகம் சுருங்கியதற்குக் காரணம் இதுதான். இன்னும் கடுமையாக "வந்து கொட்டிக்கோ" என்றும் காதில் விழும். அது முழுக்கக் கோபம். அர்த்தம் தெரிந்தால் போதும், நீங்கள் பேச வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் போன்ற சில வட்டாரங்களில் "சோறு தின்னியா?" என்று பாசமாகவே கேட்பார்கள். அங்கே அது இழிவில்லை. ஆனால் அந்தப் பேச்சை வேறு ஊருக்கு எடுத்துப் போனால் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

படி 4: "உண்" எழுத்துக்கும் மேடைக்கும்

உண்கிறேன், உண்டேன், உண்பேன். கட்டுரையிலும் கதையிலும் இவை அழகாக அமரும். பெரும்பாலான ஊர்களில் வீட்டுப் பேச்சில் "உண்டீர்களா மாமா?" என்றால் நாடக வசனம் போல இருக்கும், மாமா கோபப்பட மாட்டார், சிரிப்பார். பேச்சில் இது "உண்ட மயக்கம்" போன்ற தொடர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிக்கு இன்னொரு வினை இருக்கிறது: "அனைவரும் உணவருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்." அதே மண்டபத்தில் கையைப் பிடித்து அழைக்கும்போது "வாங்க, சாப்பிடலாம்" என்பதுதான் முறை.

படி 5: பதிலைக் கவனியுங்கள்

தமிழில் இப்படிப்பட்ட கேள்விக்கு "ஆமாம்" என்று நிறுத்துவது குறைவு. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வோம். "சாப்பிட்டாச்சா?" "சாப்பிட்டாச்சு." நீங்கள் "உண்டீர்களா?" என்று கேட்டு, எதிரில் இருப்பவர் "ம், சாப்பிட்டேன்" என்று வேறு வினையில் பதில் சொன்னால், உங்களை நோகடிக்காமல் திருத்தியிருக்கிறார். அடுத்த முறை அவர் சொன்ன வினையிலேயே கேளுங்கள்.