32 ஹெர்ட்ஸில் அலறிய ஃபேன்

பெல்ட் போட்ட பெரிய ப்ளோயர், ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் ஓடுவது. 50 ஹெர்ட்ஸில் அமைதியாக இருக்கும், 32 பக்கம் வந்தால் மட்டும் அடித்தளமே அதிரும். போல்ட், பேரிங், பேலன்ஸ் எல்லாம் சரியாக இருந்ததால், ஃபிரேமின் இயல்பு அதிர்வெண்ணோடு வேகம் ஒத்துப்போகிறது என்று புரிந்தது.

டிரைவை கைமுறையில் வைத்து, பேரிங் ஹவுசிங்கில் வைப்ரேஷன் மீட்டரை வைத்துக்கொண்டு அரை அரை ஹெர்ட்ஸாக ஏற்றினேன், ஒவ்வொரு படியிலும் அளவு நிலைக்கும்வரை பொறுத்து. 30.5-இல் ஏறத் தொடங்கி 32-இல் உச்சம், 33.5-க்கு மேல் தணிந்தது. இறக்கும்போதும் ஏறக்குறைய அதேதான். ஆகவே 30 முதல் 34 வரை தவிர்க்கும்படி டிரைவில் அமைத்தேன். சில டிரைவில் கீழ், மேல் எல்லையைக் கேட்பார்கள், சிலவற்றில் நடு அதிர்வெண்ணும் அகலமும். அந்த அகலம் முழுப் பட்டையா, ஒரு பக்கம் மட்டுமா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இந்த அமைப்பு அந்த வேகத்தில் நிற்பதைத்தான் தடுக்கும், கடப்பதைத் தடுக்காது. ராம்ப், அதாவது வேகம் ஏறி இறங்குவது, மெதுவாக இருந்தால் கடக்கும்போதும் அதிரும், அதனால் ராம்ப் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

அப்புறம்தான் அடுத்த தொல்லை. பிரஷரைச் சீராக வைக்க வேகத்தைத் தானாக மாற்றும் பிஐடி 32-ஐக் கேட்கும்போதெல்லாம் ஃபேன் 30-க்கும் 34-க்கும் மாறி மாறித் தாவியது. காற்றுப் பாதையிலுள்ள டாம்பரைக் கொஞ்சம் மூடினேன், அதே பிரஷருக்கு 36 தேவைப்பட்டது, தாவல் நின்றது. கரண்ட் சற்றுக் கூடும்தான், பரவாயில்லை.